மயங்குரு: O, 0 குழப்பத்துக்கு ஒரு சொல்

கயல்விழி: அச்சடித்த கருவிப் பட்டியலைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதிலிருந்து சொத்து எண்களை எடுக்கும் நிரலுக்குத் தமிழ் இடைமுகம் எழுதுகிறேன். `O` எழுத்தும் `0` சுழியும் ஒன்றுபோலத் தெரிவதற்கு என்ன சொல்? “ஒத்த தோற்றமுள்ள குறிகள்” என்று போட்டால் பத்தித் தலைப்பில் அடங்கவில்லை.

சேகர்: ண, ன, ந சிக்கல்தானே? மயங்கொலி என்று பள்ளியிலேயே படித்தோமே.

இளங்கோ: சேகர், அது காது மயங்குவது. இங்கே மயங்குவது கண். ஆனாலும் வழி காட்டிவிட்டீர்கள்: மயங்கொலி மாதிரி “மயங்குரு”. நமக்கும் இது புதிதில்லை. தமிழ் எண் ௧ பார்வைக்கு க மாதிரி, ௭ எ மாதிரி.

கயல், எல்லா `O`-வையும் ஒரே வீச்சில் `0` ஆக்கிவிடாதீர்கள். எண்ணின் அமைப்பைக் கேளுங்கள். முதல் மூன்று இடம் எழுத்து, அடுத்த ஐந்து இலக்கம் என்று வைத்துக்கொள்வோம்:

```
படித்தது:    C0M0O417
திருத்தியது: COM00417
```

இரண்டாம் இடத்தில் இலக்கம் வராது, அதனால் அது `O`. ஐந்தாம் இடத்தில் எழுத்து வராது, அதனால் அது `0`. படித்ததையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கயல்விழி: எங்கள் ஒட்டுச்சீட்டு எண்ணுக்கு அது சரி, அண்ணா. அடுத்த பத்தியில் தயாரிப்பாளரின் வரிசை எண் இருக்கிறதே, `7K0R2O` என்கிற மாதிரி? அதில் எங்கே எது வரும் என்றே சொல்ல முடியாது.

ரஹீம்: தயாரிப்பாளர்கள் `O` போடவே மாட்டார்கள். எல்லாம் சுழிதான்.

இளங்கோ: பாதி சரி, ரஹீம். வண்டிகளின் 17 இட அடையாள எண்ணில் `I`, `O`, `Q` மூன்றும் கிடையாது. அதை எல்லாக் கருவிக்கும் நீட்ட முடியாது.

கயல், `7K0R2O`-வில் ஐயமான இடம் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்று என்பதால் மொத்தம் நான்கு வடிவம். நான்கையும் கொள்முதல் பதிவேட்டில் தேடுங்கள். ஒன்று மட்டும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கிடைத்தாலோ ஒன்றுமே கிடைக்காவிட்டாலோ ஆள் போய்க் கருவியைப் பார்க்க வேண்டியதுதான். அப்புறம், அதே படத்தின் தேதியில் ஐயமில்லாத சுழி ஒன்று இருக்கும். பல எழுத்துருக்களில் சுழி `O`-வைவிட ஒல்லி, அதோடு ஒப்பிடுங்கள். படம் சாய்ந்தோ மங்கியோ இருந்தால் இதை நம்ப வேண்டாம்.

சேகர்: என் கதை வேறு. எண்கள் சரியாகத்தான் வந்தன. விரிதாளில் ஒட்டியதும் `00417` வெறும் `417` ஆகிவிட்டது.

இளங்கோ: ஒட்டுவதற்கு முன்பே பத்தியை உரை வகைக்கு மாற்றுங்கள். அதற்கும் மயங்குருவுக்கும் சம்பந்தமில்லை.

மீனாட்சி: இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்றால் மெய்கள் அடுத்தடுத்து வருவது, குழப்பம் இல்லை. அதனால் “மயங்கு” எனக்கு இடறுகிறது. “ஒத்துரு” போதாதா?

கயல்விழி: ஒத்துரு என்றால் ஒரே மாதிரி என்பதோடு நின்றுவிடுகிறது, அக்கா. ஏமாறுகிறோம் என்பது அதில் இல்லை. இப்போதைக்கு “மயங்குரு இடங்கள்: 2” என்று போட்டுப் பார்க்கிறேன்.

ரஹீம்: நான் முதலில் “மயங்கிய குரு” என்றுதான் படித்தேன்.