நுவரெலியாக் குளிரில் ஏபிஎஸ் பிரிண்ட் வெடிக்கிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நுவரெலியாவில் தகரக் கூரை போட்ட அறையில் திறந்த சட்டக 3டி பிரிண்டர் வைத்திருக்கிறேன். இரவில் அறை 12 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அப்பாவின் மருந்து தெளிக்கும் பம்புக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் 60 மில்லிமீற்றர் உயர மூடி அடிக்கிறேன். நொசில் 245 பாகை, பெட் 100 பாகை, காற்றாடி நிறுத்தம். அடிப்பகுதி நன்றாக ஒட்டுகிறது. ஆனால் 25 மில்லிமீற்றர் தாண்டியதும் "டிக்" என்று ஒரு சத்தம், பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவு பிளவு. மாடலைத் திருப்பி வைத்தும் பார்த்தேன், யன்னல் பக்கம்தான் மறுபடி வெடித்தது. அதனால் காற்றுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெட் சூடு மேலே எட்டுவதில்லை, குளிர்ந்த அடுக்கு சுருங்கி இழுக்கிறது.

நேற்று பிரிண்டருக்கு மேல் பெரிய காட்போட் பெட்டியைக் கவிழ்த்து, பெட்டை 100இல் அரை மணி நேரம் விட்டு, உள்ளே 38 பாகை வந்தபிறகு தொடங்கினேன். ஒரேயொரு மெல்லிய கீறல்தான். முடிந்ததும் பெட்டியைத் தூக்காமல் ஆறவிட்டேன்.

இப்போது என் கேள்வி: உள்ளே 50 பாகை வரை ஏற்ற வேண்டுமா? பவர் சப்ளையும் போர்டும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் பயமாக இருக்கிறது. வயரை நீட்டி அவற்றை வெளியே எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், காட்போட்டுக்குப் பதிலாகத் தீப்பற்றாத எதைப் பாவிக்கிறீர்கள்?