மறு: சாம்சங் போனின் ஃபியூஸ்: "உருகி" பொருந்துமா?

பூங்கோதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாம்சங் போனில் வேறு ஆண்ட்ராய்டு ஏற்றுவதற்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை வரியில் மூன்று நாளாக நிற்கிறேன்.

அந்த வரி சொல்ல வேண்டியது இது. போனை இயக்கியதும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டை ஏற்றும் நிரலான பூட்லோடரைத் திறந்து, சாம்சங் கையொப்பமிடாத மென்பொருளை ஏற்றினால், சிப்புக்குள் இருக்கும் ஒரு ஃபியூஸ் போய்விடும். அதுவரை 0 என்று இருந்த மதிப்பு 1 ஆகிவிடும். பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும், பூட்லோடரைத் திரும்பப் பூட்டினாலும் 0 ஆகாது. 2013-இல் நோட் 3 வந்தபோது சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்போடு சேர்ந்து வந்த ஏற்பாடு. கணினியிலிருந்து மென்பொருள் ஏற்றும் டவுன்லோடு மோடில் `KNOX WARRANTY VOID` என்றோ, புதிய போன்களில் `WARRANTY VOID` என்றோ ஒரு வரி தெரியுமே, அதுதான்.

"மின்னுருகி அறுந்துவிடும்" என்று எழுதி என் தம்பியிடம் காட்டினேன். முதல் கேள்வி: "போன் செத்துடுமா?" இரண்டாவது: "சர்வீஸ் சென்டர்ல வேற ஃபியூஸ் போட்டுக்கலாம்ல?" இரண்டுமே தப்பு. படிப்பவரை இப்படித் திசைதிருப்பும் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு பெயர்ச்சொல்லும் அதற்கேற்ற வினையும் வேண்டும்.

முருகானந்தம் எழுதியது:

பூங்கோதை, நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் இதில் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். ஆங்கிலத்தில் "ட்ரிப்" என்கிறார்கள் என்பதற்காக நாமும் "ட்ரிப் ஆனது" என்று எழுதிவிடக் கூடாது. ட்ரிப் ஆவது எம்சிபி. தட்டிவிட்டால் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். ஃபியூஸ் அப்படியல்ல, போனால் போனதுதான், கம்பி மாற்ற வேண்டும்.

"உருகி" நல்ல சொல். உருகுவதால் உருகி, காரணப் பெயர். அளவுக்கு மீறிய மின்சாரம் வரும்போது உருகி, சாதனத்தைக் காப்பாற்றுகிறது. போனிலும் அதே வேலைதானே? பூட்லோடரைத் திறக்கும்போது ஏதோ மின்னழுத்தம் ஏறுகிறது போலும். இருக்கும் சொல்லை விட்டுப் புதிதாகத் தேட வேண்டாம் என்பது என் கருத்து.

தாரிக் எழுதியது:

ஐயா, எம்சிபி பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். "ட்ரிப்" வேண்டவே வேண்டாம். ஆனால் மின்னழுத்தம் ஏறி இந்த ஃபியூஸ் போவதில்லை. நான் சிப் சோதனையில் இருப்பவன், இவற்றோடுதான் தினமும் மல்லுக்கட்டு.

இது மின்வழியில் உட்கார்ந்து காவல் காக்கும் ஃபியூஸே இல்லை. போன் இயங்குவதற்கான மின்சாரம் இதன் வழியாகப் போவதில்லை. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ஒரு பிட் நினைவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்லோடர் தான் ஏற்றப்போகும் கெர்னலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. ஒத்துவரவில்லை என்றால் அதுவே அந்தப் பிட்டை வேண்டுமென்றே எழுதிவிடுகிறது. விபத்து எதுவும் இல்லை, பதிவேட்டில் குறிப்பு எழுதுவது போலத்தான். பூங்கோதையின் தம்பி கேட்டதற்கும் இதுவே பதில்: போன் சாகாது, பேசும், படம் எடுக்கும், பாட்டுப் பாடும்.

எழுதுவது எப்படி என்பதில்தான் நம் சொல்லுக்கு வினை இருக்கிறது. ஒருவகை ஃபியூஸில் நுண்ணிய இழை ஒன்றின் வழியே சற்று அதிக மின்னோட்டம் விடுவார்கள். இழையின் மேல் பூசிய உலோகச் சேர்மத்தின் அணுக்கள் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், மின்தடை பல மடங்கு கூடிவிடும். வீட்டு ஃபியூஸ் கம்பி போல உருகி ஒழுகுவதில்லை. இன்னொரு வகை இதற்கு நேர் எதிர். முதலில் மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் இருக்கும், அதைத் துளைத்துக் கடத்த வைப்பார்கள். அங்கே எதுவும் அறுவதில்லை, புதிதாக இணைப்பு உண்டாகிறது! ஆக "உருகி" ஒன்றுக்குப் பொருந்தாது, "அறுந்தது", "முறிந்தது" எல்லாம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சிப்பில் இப்படி நிறைய பிட்கள் இருக்கும். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பிப் போக முடியாமல் தடுப்பதும் இதே வகை எண்ணிக்கைதான். அதிகாரபூர்வ அப்டேட் போட்டாலே அதில் ஒன்று கூடலாம், அதனால் நாம் பேசும் வாரன்டி பிட் 1 ஆகாது. எனவே ஃபியூஸ் என்ற பொருளுக்கு ஒரு சொல், இந்தக் குறிப்பிட்ட பிட்டுக்கு ஒரு சொல் என்று இரண்டு வேண்டும்.

சுகன்யா எழுதியது:

இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை, மன்னிக்கவும். போன வருடம் ஒரு கடையில் பழைய கேலக்ஸி வாங்கினேன். "ஒரிஜினல் சாஃப்ட்வேர், கை படாத பீஸ்" என்றார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, அப்டேட்கூட வருகிறது. ஆனால் படங்களைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. மூன்று முறை ஃபாக்டரி ரீசெட் செய்துவிட்டேன். தாரிக் சொல்வது இதுதானா? அப்படியானால் ஜிபேயும் நிற்க வேண்டுமே, அது ஓடுகிறது. ரீசெட்டில் நான் ஏதாவது விட்டுவிட்டேனா?

யோகன் எழுதியது:

சுகன்யா, ரீசெட் இதைத் தொடாது. என்னிடம் முன்பு ஒரு சோனி எக்ஸ்பீரியா இருந்தது, அதிலும் இதே ஃபியூஸ்தான். பூட்லோடரைத் திறந்ததும் இருட்டில் எடுக்கும் படமெல்லாம் புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. எல்லாக் கம்பனியும் ஒரே தந்திரம்தான் செய்கிறது.

சொல் பற்றி: இலங்கையில் பள்ளிக்கூடத்திலேயே நாங்கள் உருகி என்றுதான் படித்தோம். அது ஊன்றிவிட்ட சொல். "சில்லுருகி" என்று வைத்தால் வீட்டு ஃபியூஸிலிருந்து வேறு என்பது தெரியாதா?

தாரிக் எழுதியது:

யோகன் அண்ணா, சோனியில் நடந்தது வேறு. அங்கே ஃபியூஸ் இல்லை, சாவிதான். டிரிம் ஏரியா என்ற பகுதியில் அந்தப் போனுக்கென்று சில டிஆர்எம் சாவிகள் இருக்கும். பூட்லோடர் திறக்கும்போது அவை அழிக்கப்படும், சாவி இல்லையென்றால் சோனியின் இரைச்சல் நீக்கும் நிரல் ஓடாது. பல மாடல்களில் அந்தப் பகுதியை முன்கூட்டியே நகலெடுத்து வைத்தவர்கள் பிறகு திரும்பப் போட்டுக்கொண்டார்கள். ஃபியூஸை நகலெடுக்க முடியாது. 2021-இல் கேலக்ஸி இசட் ஃபோல்ட் 3-இல் பூட்லோடரைத் திறந்தால் கேமராவே நின்றது, அது மூன்றாவது வகை. திரும்பப் பூட்டினால் கேமரா வந்துவிட்டது. அப்படியானால் அது ஃபியூஸைப் பார்க்கவில்லை, பூட்டின் நிலையைத்தான் பார்த்திருக்கிறது.

சுகன்யா, உங்கள் ஜிபே ஓடுவதற்குக் காரணமும் இந்த வேறுபாடுதான். வங்கிச் செயலிகள் பெரும்பாலும் கூகுளிடம் கேட்பது "இப்போது பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, மென்பொருள் சரியானதா" என்பதை. உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அசல் மென்பொருளைப் போட்டுத் திரும்பப் பூட்டி விற்றிருப்பார், அதனால் இன்றைய நிலை சரி. செக்யூர் ஃபோல்டர் கேட்பது "எப்போதாவது மாறியதா" என்று. போனைக் கணினியில் இணைத்து இப்படிப் பாருங்கள்:

```
adb shell getprop ro.boot.warranty_bit
```

1 என்று வந்தால் சந்தேகமே இல்லை. 0 வந்தால் மட்டும் முழுதாக நம்ப வேண்டாம், ரூட் செய்த போனில் இந்த விடையைப் பொய்யாக்கலாம். போனை அணைத்து, இரண்டு ஒலி பொத்தான்களையும் அழுத்தியபடி கணினியிலிருந்து வரும் கேபிளைச் செருகினால் எச்சரிக்கைத் திரை வரும். ஒலி கூட்டும் பொத்தானைத் தட்டி உள்ளே போய், `WARRANTY VOID` வரியைப் பாருங்கள். அது பூட்லோடரே எழுதிக் காட்டுவது.

சுகன்யா எழுதியது:

இரண்டிலும் 1. கடைக்காரரிடம் கேட்டேன், "அப்படி ஒண்ணு இருக்குதாம்மா?" என்கிறார். மாற்றவே முடியாதா?

தாரிக் எழுதியது:

மதர்போர்டை மாற்றினால் புது சிப், புது 0. பழைய போனுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. உங்கள் போனில் சாம்சங் வாலட்டில் பணம் செலுத்துவதும், சாம்சங் பாஸும் ஓடாது. ஹெல்த் செயலியும் மறுக்கலாம். ஆனால் அது ஆண்ட்ராய்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதால் ரூட் செய்தவர்கள் ஏமாற்றி ஓட்டுகிறார்கள்.

பூங்கோதை, வழிகாட்டியில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: செக்யூர் ஃபோல்டரில் ஏற்கெனவே வைத்திருந்த படங்களும் போய்விடும். அவற்றைத் திறக்கும் சாவி ஆண்ட்ராய்டின் கைக்கு எட்டாத டிரஸ்ட்ஸோன் பகுதியில் இருக்கிறது. பிட் 1 ஆனபின் அது சாவியைக் கொடுக்காது. தந்திரம் செய்து புதிய ஃபோல்டரைச் சில மாடல்களில் உருவாக்குபவர்கள் உண்டு, பழைய உள்ளடக்கம் வராது.

பூங்கோதை எழுதியது:

எந்தக் கணத்தில் 1 ஆகிறது? அமைப்புகளில் `OEM unlocking` என்பதை இயக்கினாலேயா?

தாரிக் எழுதியது:

இல்லை, அது அனுமதி மட்டும். அதன்பிறகு டவுன்லோடு மோடில் ஒலி கூட்டும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தித் திறக்க வேண்டும், அப்போது தரவெல்லாம் அழியும். நான் கையாண்டவற்றில் அதற்குப் பிறகும் 0 இருந்தது, வேறு ரிகவரியை ஏற்றியபோதுதான் 1. சாம்சங் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை ஒடின் என்ற கணினி நிரல் வழியாக ஏற்றினால் ஒன்றும் ஆகாது.

யோகன் எழுதியது:

சோனி விஷயத்தில் நான் சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னுடைய கேலக்ஸி டேப்பில் வேறெதுவும் ஏற்றாமல், திறந்தவுடனேயே 1 காட்டியது. நான் கண்ணால் கண்டது.

தாரிக் எழுதியது:

மாடலுக்கு மாடல் வேறுபடலாம். திறந்தாலே போய்விடும் என்று எழுதுங்கள், படிப்பவருக்கு நட்டமில்லை.

முருகானந்தம் எழுதியது:

அப்படியானால் நான் சொன்ன காவல்காரன் கதை தவறு. தாரிக் விளக்கியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மீட்டர் சீல். ஈயக்குண்டை நசுக்கிக் கம்பியில் கோத்திருப்போம். அது உடைந்திருந்தால் மீட்டர் ஓடுவது நிற்காது, விளக்கும் எரியும். ஆனால் யாரோ கைவைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். சுகன்யா வாங்கியதும் சீல் உடைந்த மீட்டர்தான். "முத்திரைப் பிட்" என்று வைத்தால் என்ன? வினையும் கூடவே வருகிறது: முத்திரை உடைந்தது.

பூங்கோதை எழுதியது:

ஐயா, பிடித்திருக்கிறது! "முத்திரை உடைந்துவிடும்" என்றதும் தம்பி "அப்ப வித்தா கண்டுபிடிச்சிடுவாங்க" என்றான். சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தாரிக் எழுதியது:

ஒரு தயக்கம். மீட்டர் சீல் சாட்சி மட்டும் சொல்லும், இந்தப் பிட் சாவியையும் மறுக்கிறது. அதோடு கையொப்பம் பற்றிப் பேசும் பக்கத்திலேயே "முத்திரை" வந்தால் டிஜிட்டல் கையொப்பத்தைச் சொல்வதாக நினைப்பார்கள். நான் "ஒருவழிப் பிட்" என்பேன். ஒருவழிப் பாதை எல்லோருக்கும் தெரியும், உருகுவது முறிவது எதையும் சொல்லாமல் தப்பிக்கலாம்.

யோகன் எழுதியது:

ஒருவழிப் பிட் "என்ன ஆனது" என்று எழுதுவீர்கள்? அதற்கு வினை எங்கே? ஃபர்ம்வேர் எண்ணிக்கையும் ஒருவழிதானே, நீங்களே சொன்னீர்கள்.

பூங்கோதை எழுதியது:

யோகன் அண்ணா கேட்பது நியாயம். பொதுவான பொருளுக்கு, எந்த சிப்பில் இருந்தாலும், "ஒருவழிப் பிட்". சாம்சங்கின் இந்த ஒன்றுக்கு "முத்திரைப் பிட்". "சில்லுருகி"யைச் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாக வைக்கிறேன், யோகன் அண்ணாவுக்காக. இன்றைக்கு எழுதிய வரி இது:

"பூட்லோடரைத் திறந்தால் போனின் முத்திரைப் பிட் உடைந்து 1 ஆகிவிடும், பிறகு எதனாலும் 0 ஆகாது. செக்யூர் ஃபோல்டரில் உள்ளவற்றை முதலில் வெளியே எடுத்துவையுங்கள்."

முருகானந்தம் எழுதியது:

பிட் எப்படியம்மா உடையும்? "முத்திரை உடைந்து பிட் 1 ஆகிவிடும்" என்று பிரித்து எழுது. "பிட்"டுக்கே தமிழ் வைக்காமல் போகிறோமே என்று உறுத்துகிறது, அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.