இலக்கு நேர் பின்னால் இருந்தால் ரோபோ தடுமாறுகிறது, உதவுங்கள்

அர்டுயினோவில் ஓடும் என் சக்கர ரோபோ திசைகாட்டி சென்சாரைப் பார்த்துத் திரும்புகிறது. முகம் (`c`) 350 டிகிரி, இலக்கு (`t`) 10 என்றால் வலப்பக்கம் 20 டிகிரி போதும். வெறும் கழித்தல் −340 தந்ததால் இடப்பக்கமாக ஊரையே சுற்றி வந்தது. 180 கூட்டி, 360ஆல் `fmod` போட்டு, மறுபடி 180 கழித்தும் அதே −340தான், ஏனென்றால் எதிர்ம எண்ணுக்கு அது மீதியையும் எதிர்மமாகவே தருகிறது. 540 கூட்டியதும் சரியாக 20 வந்தது:

```
float e = fmod(t - c + 540, 360) - 180;
```

இப்போது இலக்கு நேர் பின்னால் இருந்தால்தான் சிக்கல். சென்சார் ஓரிரு டிகிரி ஆடினாலே விடை 179, −179 என்று மாறி, ரோபோ திரும்பாமல் இடமும் வலமுமாகத் துடிக்கிறது. முதலில் எடுத்த பக்கத்தையே, வித்தியாசம் 150க்குக் கீழே இறங்கும்வரை பிடித்துவைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.