டிபிஓ: மார்ஜின் ஏறுது, பதில் கெடுது. உங்களுக்கும் ஆச்சா?

காட்பாடி_ரயிலடி
முள்ளு கத்தரி விவசாயிகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் சின்ன மாடல். 80 கேள்வி, கேள்விக்கு நாலு பதில். வரிசைப்படுத்தித் தந்தவர் இலவம்பாடி விவசாயி ஒருவர். ரெண்டு ரெண்டாச் சேர்த்தா கேள்விக்கு ஆறு, மொத்தம் 480 ஜோடி. நல்ல பதில், மோசமான பதில்னு அந்த ஜோடிகளை வச்சு டிபிஓ பயிற்சி, பீட்டா 0.1, மூணு ஈபாக். முதல் ஈபாக் முடியறதுக்குள்ளயே `rewards/accuracies` 1.0. குழுவில் எல்லாருக்கும் குஷி.

அப்புறம் அவரையே கேட்கச் சொன்னோம். "செடி நுனி வாடுது, என்ன பண்ணலாம்?" மாடல் "வணக்கம் ஐயா"ன்னு ஆரம்பிச்சு, வாடிய நுனியைக் கிள்ளி அழிக்கச் சொல்லுச்சு. சரியான பதில்தான். ஆனா அதே வரியைத் திரை நிறையத் திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. "இதுக்கு யாராவது மைக்கை புடுங்குங்கப்பா"ன்னார் அவர்.

லாக்கைத் தோண்டினா `logps/rejected` -230லிருந்து -520. சரி. ஆனா `logps/chosen`-உம் -210லிருந்து -290 ஆயிருக்கு. நல்ல பதிலோட நிகழ்தகவு ஏன் இறங்கணும்?

ஆம்பூர்_பாய்
பீட்டா கம்மி தம்பி. 0.5 வைங்க, எல்லாம் சரியாயிடும்.

சத்துவாச்சாரி_அக்கா
பாய், பீட்டா ஏத்தினா பழைய மாடலை விட்டு ரொம்ப விலகாது, அவ்வளவுதான். இறங்குறதுக்குக் காரணம் வேற. டிபிஓ பார்க்கிறது நல்லதுக்கும் மோசமானதுக்கும் உள்ள இடைவெளியை மட்டும். ரெண்டும் இறங்கி, மோசமானது வேகமா இறங்கினாலும் லாஸ் குறையும். அப்படி இழந்த நிகழ்தகவு யாரும் காட்டாத பதில்களுக்குப் போய்ச் சேரும்.

இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் பெரும்பாலும் ஒரே பதில், நாலு சொல்தான் மாறும். அப்படிப்பட்ட ஜோடியில், ரெண்டுக்கும் பொதுவான சொற்களையும் சேர்த்தே மாடல் கீழே தள்ளிடும். அதையெல்லாம் எடுத்துடுங்க தம்பி. ஒண்ணுக்கு எதிர் நாலு, ஒண்ணுக்கு எதிர் மூணு போதும். நல்ல பதில் மேல வழக்கமான எஸ்எஃப்டி லாஸையும் கொஞ்சம் சேருங்க. ஒரு ஈபாக்குக்கு மேல வேண்டாம்.

இன்னொண்ணு. உங்ககிட்ட இருக்கிறது 480 இல்ல, 80தான். ஜோடிகளைக் குலுக்கிப் பிரிச்சா ஒரே கேள்வி ரெண்டு பக்கமும் விழும். சோதனை மதிப்பெண் பொய் சொல்லும்.

குடியாத்தம்_தறி
எங்க சேலைக் கடை சாட்பாட்டும் இப்படித்தான் நீட்டி முழக்குச்சு. ஆனா எங்க டேட்டாவில் முதலிடம் வாங்கினது எல்லாமே நீளமான பதில். படிச்சுப் பார்த்து வரிசை போட்டது மாதிரி தெரியல. கத்தரிக்காய்க்கு ஐயா வணக்கமெல்லாம் எதுக்கு, அதை எடுங்க முதல்ல.

காட்பாடி_ரயிலடி
அக்கா, கேள்வி வாரியாப் பிரிச்சேன். பார்க்காத கேள்விகளில் அக்யூரசி 0.6 பக்கம்தான் நிக்குது! எஸ்எஃப்டி லாஸ் சேர்த்ததும் `logps/chosen` இறங்கல. சின்னக் கேள்விக்குப் பதில் ஒழுங்கா முடியுது. நீளமான கேள்விக்கு இன்னும் நிக்கமாட்டேங்குது.

சத்துவாச்சாரி_அக்கா
`max_length` எவ்வளவு? தமிழ் டோக்கன் நிறையத் தின்னும். நல்ல பதிலின் வால் வெட்டுப்பட்டா முடிவு டோக்கனும் போயிருக்கும். பாருங்க.

ஆம்பூர்_பாய்
0.5 போட்டுப் பார்த்தீங்களா இல்லையா?