பேவர் பிளாக் கணக்கு: ஓரக்கல் அகலத்தைக் கழிக்க வேண்டுமா?

நண்பர்களே, 10 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலத்தில் கார் ஏறும் பாதைக்கு பேவர் பிளாக் பதிக்கப் போகிறேன். மொத்தம் 35 சதுர மீட்டர். 200க்கு 100 மி.மீ. கல், சதுர மீட்டருக்கு 50 வீதம் 1750. சேதாரம் 5% சேர்த்தால் சுமார் 1840.

அடிமணல் இறுகிய பிறகு 40 மி.மீ. நிற்க 1.4 கன மீட்டர் வேண்டும். தட்டினால் அமுங்குமே, அதனால் கால் பங்கு கூட்டி 1.75 வைத்திருக்கிறேன். ஓரக்கல் மூன்று பக்கமும் சேர்த்து 23.5 மீட்டர்; நாலாவது பக்கம் வீட்டுத் தளமே தாங்கிக்கொள்ளும்.

இடிப்பது இங்கேதான். 100 மி.மீ. ஓரக்கல் இந்த அளவுக்குள்ளேயே உட்கார்ந்தால் பதிக்கும் இடம் 32.7 சதுர மீட்டராகிறது, நூறு கல்லுக்கு மேல் மிஞ்சுகிறது. ஆனால் 45 டிகிரி சாய்வில் மீன்முள் போல அடுக்க ஆசை. ஓரமெல்லாம் முக்கோணத் துண்டாக வெட்ட வேண்டும். மிஞ்சுவதை அதற்கே வைத்துக்கொள்ளலாமா, இல்லை 5% போதுமா? இப்படிப் பதித்தவர்கள் சொல்லுங்கள்.