புதுப்பிப்பு: கிளினிக் போன் டயலாக்கை மாத்திட்டேன்

போன வாரம் நான் கேட்டது: "தமிழ் இப்பதான் கத்துக்கிறவங்களுக்கு கிளினிக் போன் டயலாக் எழுதிருக்கேன், சரியா இருக்கா?"

சரியா இல்ல. ரிசப்ஷன்ல வேலை பாத்த அக்கா ஒருத்தங்க சொன்னதுதான் முக்கியம். நான் முதல் வரியே "வியாழக்கிழமை வர முடியாது"ன்னு வச்சிருந்தேன், அதைக் கேட்டா எதிர்ல இருக்கறவங்க கேன்சல்னு நினைச்சு அந்த டைமை வேற ஆளுக்கு குடுத்துடுவாங்களாம், அதனால "மாத்தணும்"ங்கிற வார்த்தை முதல்ல வரணும். இப்ப இப்படி:

— வணக்கம், அப்பாயின்ட்மென்ட் மாத்தணும்ங்க. பேரு மாலா.
— எப்ப போட்டிருக்கு?
— வியாழன் சாயங்காலம் நாலரைக்கு. வெள்ளிக்கிழமை கிடைக்குமா?
— நாலே காலுக்கு இருக்கு, பரவால்லையா?
— கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. நாலு பதினஞ்சா?
— ஆமா.
— சரிங்க, அதையே போட்டுடுங்க. அப்ப வியாழன் வேண்டாம்.

பழைய டைமை கடைசியிலதான் விடணும், புதுசு கிடைக்கலன்னா அதாவது கையில இருக்கும்.

ஒரு தம்பி "நேரம்"னு சுத்தத் தமிழ்லயே சொல்லிக்குடுங்கன்னார், பேசறதுக்கு அது சரிதான், ஆனா போன்ல காதுல விழறது "டைம்", "டோக்கன்"தானே, ரெண்டும் தெரியணும். இன்னொருத்தர் தன்னோட முதுகு வலிக்கு எந்த டாக்டர்னு கேட்டிருந்தார், அது இந்த திரெட்ல இல்லங்க.

"நாளன்னிக்கு"வை சேக்கலாமான்னு இன்னும் முடிவு பண்ணல, நிறைய பேர் அதை "நாளைக்கு"ன்னே கேக்கறாங்க.