கம்ப்ரசர் 30 மில்லிவினாடி காத்திருக்கிறதாம்!

ஒலிக்கூடம்77 (முந்தைய இழையிலிருந்து)
ஸ்நேரில் குத்து வேண்டுமா? அட்டாக்கை 30 மில்லிவினாடியில் வையுங்கள். கம்ப்ரசர் 30 மில்லிவினாடி சும்மா காத்திருக்கும், அடி தப்பித்துப் போய்விடும். த்ரெஷோல்டையும் ரேஷியோவையும் எங்கே வைத்தாலும் பரவாயில்லை.

முரசடியான்
மூன்றாவது முறையாக இதைப் படிக்கிறேன், இனியும் பொறுக்க முடியவில்லை. அது கம்ப்ரசரா, ரயில்வே கேட்டா? காத்திருந்துவிட்டு இறங்குவதற்கு! ஒலி த்ரெஷோல்டைத் தாண்டிய கணத்திலேயே அது குறைக்கத் தொடங்கிவிடுகிறது. 30 என்பது குறைக்கும் வேகத்தைத்தான் சொல்கிறது.

உங்கள் ஸ்நேரையே எடுத்துக்கொள்வோம். பீக் மைனஸ் 6 டெசிபல், த்ரெஷோல்ட் மைனஸ் 18, ரேஷியோ 4:1. அடி 12 டெசிபல் தாண்டுகிறது, அதில் 3-ஐ மட்டும் விட வேண்டும். ஆக, போய்ச் சேர வேண்டிய குறைப்பு 9 டெசிபல். அட்டாக் 30 என்றால், அந்த ஒன்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்ட 30 மில்லிவினாடி ஆகும். குச்சி தோலில் படும் அந்தச் சுள்ளென்ற ஒலி முதல் 5 மில்லிவினாடியில் இருக்கிறது. அது முடிவதற்குள்ளேயே 1.4 டெசிபல் போய்விட்டிருக்கும். இதில் காத்திருப்பு எங்கே வந்தது?

ஒலிக்கூடம்77
வந்துவிட்டார் கணக்கு வாத்தியார். 15 வருடமாக மேடையிலும் ஸ்டுடியோவிலும் டிரம்ஸுக்கு மைக் வைக்கிறேன். 30-இல் வைத்தால் அடி வெளியே வருகிறது, 1-இல் வைத்தால் செத்துப்போகிறது. காது உள்ளவர்களுக்கு இது போதும். அந்த 1.4 டெசிபல் யாருக்குக் கேட்கும்? உங்கள் வீட்டுப் பூனைக்கா?

முரசடியான்
30-க்கும் 1-க்கும் வித்தியாசம் உண்டு, அதை யார் மறுத்தார்கள்? 1-இல் வைத்தால் முதல் 3 மில்லிவினாடியிலேயே ஒன்பதில் எட்டரை போய்விடும், சுள் இருக்காது. அது சரி. நான் கேட்டது காத்திருக்கிறதா, இல்லையா என்று. நீங்கள் பதில் சொல்வது வேறு கேள்விக்கு.

பூனையை விடுங்கள், த்ரெஷோல்டை மைனஸ் 30-க்கு இறக்குங்கள். அட்டாக்கைத் தொட வேண்டாம், அதே 30. இப்போது அடி 24 டெசிபல் தாண்டுகிறது, குறைக்க வேண்டியது 18. அதே முதல் 5 மில்லிவினாடியில் போவது 2.8 டெசிபல், இரண்டு மடங்கு. உங்கள் கம்ப்ரசர் உண்மையிலேயே காத்திருந்தால் இந்த எண் மாறியிருக்கக் கூடாது. ரேஷியோவை 2:1 ஆக்கினால் முதல் கணக்கின் 1.4 கூட 0.9 ஆகிவிடும். "எங்கே வைத்தாலும் பரவாயில்லை" என்று எழுதினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இசைப்பிரியன்_தேனி
நான் எல்லாப் பாட்டையும் 320 கேபிபிஎஸ் எம்பி3-யில்தான் வைத்திருக்கிறேன். டிரம்ஸ் சத்தம் நன்றாகவே கேட்கிறது, குத்து எதுவும் குறையவில்லை. கம்ப்ரஸ் செய்தால் தரம் போகும் என்பது வீண் பயம்.

முரசடியான்
ஐயா, அது வேறு கம்ப்ரஷன். இந்தச் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இசைப்பிரியன்_தேனி
தெரியாதவர்களை மட்டம் தட்டுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். நன்றி.

வெண்கலத்தாளம்
ஆளுக்கொரு கணக்குப் போடுவதை விட்டுச் சோதித்துப் பார்க்கலாமே. நேற்றிரவு ஒன்று செய்தேன். 1000 ஹெர்ட்ஸ் ஒலி, ஒரு வினாடி மைனஸ் 40-இல், பிறகு சட்டென்று மைனஸ் 6-க்கு ஏற்றினேன். த்ரெஷோல்ட் மைனஸ் 18, ரேஷியோ 4, அட்டாக் 30. வெளியே வந்த கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். காத்திருந்தால் அலையின் உயரம் 30 மில்லிவினாடி சமமாக ஓடிவிட்டுப் பிறகு சரிய வேண்டும். என்னிடம் இருக்கும் மூன்று பிளக்-இன்களில் இரண்டில், ஒலி ஏறிய முதல் ஓரிரு அலைகளிலிருந்தே உயரம் குறையத் தொடங்குகிறது. மூன்றாவதில் மட்டும் சுமார் 3 மில்லிவினாடி சமமாக இருந்து பிறகு சரிகிறது.

ஒலிக்கூடம்77
பார்த்தீர்களா! காத்திருக்கிறது. இனி முரசடியானார் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்?

முரசடியான்
மூன்று 30 ஆகுமா? அந்த மூன்றாவது பிளக்-இன் ஒலியின் சராசரி அளவைப் பார்த்து முடிவெடுக்கும் ஜாதி. சராசரி ஏறி த்ரெஷோல்டைத் தொடும் வரை அதற்கு அடி விழுந்ததே தெரியாது. தாமதம் அளவெடுப்பதில் இருக்கிறது. உங்கள் அட்டாக் குமிழுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அட்டாக்கை 5-க்கு மாற்றினாலும் அந்த 3 அப்படியே இருக்கும். வெண்கலத்தாளம் சோதித்துச் சொல்லட்டும்.

வெண்கலத்தாளம்
சோதித்தேன், இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் ஒன்று, முரசடியான். முதல் இரண்டு பிளக்-இன்களிலும் 30 என்று வைத்தும் சரிவு ஒன்றாக இல்லை. 5 மில்லிவினாடியில் ஒன்று 1.4 குறைத்திருந்தது, மற்றொன்று 3-ஐ நெருங்கிவிட்டது. உங்கள் "மூன்றில் இரண்டு பங்கு" எல்லாருக்கும் பொருந்தவில்லை.

முரசடியான்
இரண்டாவதைச் செய்தவர்கள் 90 சதவீதத்தை எட்டும் நேரத்தை 30 என்று எழுதியிருப்பார்கள். அப்படி என்றால் கணக்கு 2.9 வரும். எல்லாரும் ஒரே மாதிரி அளப்பதில்லை. இது நான் சொன்னதை இன்னும் உறுதிப்படுத்துகிறது: 30 என்ற எண்ணை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோகவே முடியாது.

கடைசிபெஞ்ச்
ஆக, நீங்கள் முதல் பதிவில் சொன்னது பாதிப் பெட்டிகளுக்குத் தவறு. அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டால் குறைந்துபோய்விடுவீர்களா?

முரசடியான்
காத்திருக்கவில்லை என்பது எல்லாப் பெட்டிக்கும் சரி. விவாதம் அதைப் பற்றித்தான்.

ஒலிக்கூடம்77
1000 ஹெர்ட்ஸ் பீப் ஒலியை வைத்து டிரம்ஸைப் பேசுகிறார்கள். ஸ்நேர் அப்படியே நின்று ஒலிக்குமா? 30 மில்லிவினாடிக்குள் அதுவே இறங்கிவிடுகிறது. என் மீட்டரில் 9 டெசிபலைக் கண்ணால் பார்த்ததே இல்லை, மூன்றோ நான்கோதான். 1176-இல் அட்டாக்கை முழுதாகத் திருப்பி 7-இல், மிக மெதுவாக வைத்து, அடியை வெளியே விட்டுத்தான் இத்தனை வருடமும் மிக்ஸ் செய்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

முரசடியான்
முதல் பாதி சரி. ஸ்நேர் தானே இறங்குவதால் 9-ஐ எட்டாது. உங்களிடமிருந்து வந்த முதல் சரியான வாக்கியம், குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதியைப் படித்துவிட்டுத் தேநீரைக் கீழே வைத்தேன். 1176-இல் குமிழ் தலைகீழ். 7 என்பதுதான் மிக வேகம், 20 மைக்ரோவினாடி. மிக மெதுவான முனை 1, அதுவே 0.8 மில்லிவினாடிதான். 1967-இல் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் பெட்டியில் 30 மில்லிவினாடி என்ற ஒன்றே கிடையாது! த்ரெஷோல்டுக்குக் குமிழும் கிடையாது, இன்புட்டை ஏற்றித்தான் தாண்ட வைக்க வேண்டும். 15 வருடமாக அடியை வெளியே விடுவதாக நினைத்து, வாசலிலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஒலிக்கூடம்77
குமிழ் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன? கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வேகமான அட்டாக்கில் பின்னால் வரும் உடம்பு மேலே வருகிறது, அதுவும் குத்துதான்.

கடைசிபெஞ்ச்
"1-இல் வைத்தால் செத்துப்போகிறது" என்று மேலே எழுதியவர் வேறு யாரோ போலிருக்கிறது.

தவில்வீதி
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், அண்ணா. கோயில் விழாவில் தவில் பதிவு செய்தேன். வலந்தலையில் விரல்கூட்டின் சத்தம் சுரீரென்று வர வேண்டும். ஆனால் தொப்பியில் குச்சி விழும்போதெல்லாம் வலந்தலையும் சேர்ந்து அமுங்குகிறது, வேகமான நடையில் மூச்சுத் திணறுவதுபோல இருக்கிறது. அட்டாக்கை 30, 50 என்று வைத்துப் பார்த்துவிட்டேன், தீரவில்லை.

முரசடியான்
தம்பி, உங்கள் சிக்கல் அட்டாக்கில் இல்லை, ரிலீஸில் இருக்கிறது. மீட்டரின் முள்ளைப் பாருங்கள். அடுத்த அடி விழுவதற்குச் சற்று முன் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிவினாடி, அதற்குள் நான்கு அடி வந்தால் இடைவெளி 125. ரிலீஸ் 400-இல் இருந்தால் முதல் அடி மட்டும் முழுதாக வரும், மற்றவை ஏற்கெனவே அமுங்கிய நிலையில்தான் பிறக்கும். 80-க்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக 10, 20-க்கு இறக்கிவிடாதீர்கள். 50 ஹெர்ட்ஸில் ஓர் அலையே 20 மில்லிவினாடி. ரிலீஸ் அதைவிட வேகமானால் கம்ப்ரசர் ஒவ்வோர் அலையையும் தனித்தனியாகப் பிடித்து விடும், தொப்பி கரகரக்கும்.

வெண்கலத்தாளம்
அதோடு, கம்ப்ரசர் எதைக் கேட்டு முடிவெடுக்கிறதோ அந்தச் சிக்னலில் மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பாருங்கள். தொப்பிக்காக வலந்தலையைத் தண்டிப்பது குறையும்.

தவில்வீதி
ரிலீஸ் 90-இல் திணறல் பாதி போய்விட்டது. கீழே வெட்டினால் வலந்தலை நன்றாக வருகிறது, ஆனால் தொப்பி துள்ளி வெளியே நிற்கிறது. என் ஆசானுக்கு அது பிடிக்கவில்லை.

சொல்லாய்வன்
"கம்ப்ரசர்" என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? "அமுக்கி" என்ற நல்ல சொல் இருக்கிறதே.

கடைசிபெஞ்ச்
அமுக்கி 30 மில்லிவினாடி காத்திருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஒலிக்கூடம்77
இதோ, என் ஸ்நேர். இரண்டு கோப்பு ஏற்றியிருக்கிறேன்: கம்ப்ரசர் இல்லாதது ஒன்று, 30-இல் வைத்தது ஒன்று. கேட்டுவிட்டுப் பேசுங்கள். இரண்டாவதில் குத்து இல்லை என்பவர் காதை மருத்துவரிடம் காட்டலாம்.

முரசடியான்
கேட்டேன், அளந்தும் பார்த்தேன். இரண்டாவது கோப்பு 3 டெசிபல் கூடுதல் சத்தத்தில் இருக்கிறது. சத்தம் ஏறினால் எதுவும் குத்தாகத்தான் கேட்கும். 3 இறக்கிச் சமமாக்கிக் கேட்டால், சுள் முன்பைவிட லேசாகத் துருத்தி நிற்கிறது, வால் அமுங்கியிருக்கிறது. நல்லது, அதுதான் மெதுவான அட்டாக்கின் பலன். ஆனால் நீங்கள் பெருமைப்படுகிற அளவில் முக்கால் பங்கு வால்யூம்.

ஒலிக்கூடம்77
போன வருடம் கிக் இழையிலும் இதே "சமமாக்கிக் கேளுங்கள்" பாட்டைப் பாடினீர்கள். மேக்-அப் கெயின் கம்ப்ரசரின் பாகம் இல்லையா? கார் ஓடுகிறது, ஆனால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும் என்கிறார்.

முரசடியான்
போன வருடம் நீங்கள் அந்தக் கோப்பை இரவோடு இரவாக நீக்கியது நினைவிருக்கிறதா? இந்த முறை பதிவிறக்கி வைத்துக்கொண்டேன்.

ஒலிக்கூடம்77
சர்வரில் இடமில்லாததால் நீக்கினேன். அதை அப்போதே எழுதியிருந்தேன்.

கடைசிபெஞ்ச்
எழுதவில்லை. தேடிப் பார்த்தேன்.

ஒலிக்கூடம்77
எழுதினேன். அது வேறு இழை. எப்படியும் 30-இல் காத்திருக்கிறது, என் காதுக்குத் தெரியும்.